ஒன்பது மணிக்கு வராத ரயில்

மாநாட்டு அரங்கில் அவளை எல்லோரும் பஸ் அக்கா என்பார்கள். அரங்கு ஊருக்கு வெளியே, ரயில் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடத் தூரம். வருகிறவர்கள் பதிவுப் படிவத்தில் எந்த நேரத்துக்கு நிலையத்தில் இறங்குவோம் என்று எழுதுவார்கள். அதை வைத்து எந்த நேரத்துக்கு எத்தனை பஸ் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. பதினோரு வருடமாகப் போடுகிறாள், பதினோரு வருடமும் ஒப்பந்த ஊழியர்தான். இந்த மாநாடு நல்லபடியாக முடிந்தால் நிரந்தரத்துக்கு எழுதுகிறேன் என்று புதிய மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வரும். வீட்டில் அவள் கணவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பணமில்லாமல் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தார். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மேலாளர் கணினியை நம்பியவர். மனிதர்களை அவ்வளவாக நம்பமாட்டார். பதிவில் இருக்கும் நேரத்தை வைத்துக் கணினியே பஸ் பட்டியல் போட்டுவிடும், யாரும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டியலைப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது மணிக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு ஐந்து பஸ். ஒன்பது மணிக்கு அந்த நிலையத்தில் எந்த ரயிலடா வருகிறது? எட்டு இருபதுக்கு ஒன்று, அதை விட்டால் ஒன்பது நாற்பது. படிவத்தைத் திறந்து பார்த்தாள். நேரத்துக்கான கட்டத்தில் ஒன்பது என்று முதலிலேயே போட்டு வைத்திருந்தார்கள். நேரம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் எல்லோரும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

போய்ச் சொன்னாள். பதிவு பண்ணினவங்களுக்குத் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியுமா என்று மேலாளர் சிரித்தார். அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது: ஒன்பதுக்கு ஐந்து பஸ்ஸும் நிலையத்திலிருந்து காலியாகக் கிளம்பிப் போகும், போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு ரயில் நிறைய ஜனம் இறங்கி வெயிலில் நிற்கும், பழி தன் தலையில் விழும், காப்பீடு யானை வாயில் போன கரும்புதான்.

நான்கு நாள் மாலையில் வீட்டில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஃபோனில் கூப்பிட்டாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். ஒருவர் இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டார். நூற்று அறுபத்து மூன்று பேர் ஒன்பது நாற்பது ரயில், முப்பத்தொரு பேர் எட்டு இருபது, பதினெட்டுப் பேர் எடுக்கவே இல்லை. அவர்களையும் ஒன்பது நாற்பதில் சேர்த்தாள். பிறகு பதிவுகளில் ஒவ்வொன்றாக நேரத்தை மாற்றினாள். அவள் பேச்சைக் கேட்காத மனிதர் பதிவின் பேச்சையாவது கேட்பாரே! பட்டியல் தானாகத் திருந்தியது. எட்டு இருபது ரயிலுக்கு ஒரு பஸ், ஒன்பது நாற்பதுக்கு ஐந்து.

மாநாட்டன்று ஒரு ஆள்கூடக் காத்திருக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி, நடைமேடையைத் தாண்டி வெளியே வந்தவர்கள் நேராக ஏறி உட்கார்ந்தார்கள். அக்கா அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார். பதிவு செய்த நேரமும் பஸ் ஏறிய நேரமும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பொருந்தியிருந்தன. கணினிப் பட்டியலே இவ்வளவு சரியாக இருக்கும்போது போக்குவரத்துக்கென்று தனியாக ஒரு ஆள் தேவையில்லை என்று மேலே எழுதிவிட்டாராம். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு சரி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது மணி, ஃபோன், மாற்றியது, எல்லாம். அவர் அறிக்கையை மூடிவைத்தார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"கேட்டேன் சார். நீங்கதான் சிரிச்சீங்க."

"பதிவைத் திருத்துனது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமாம்மா? நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. நல்லபடியா போங்க."

அதையும் ஒரு தயவாகத்தான் செய்தார், பாவி மனுஷன். அறிக்கை அவர் பெயரில் மேலே போனது.

வீட்டில் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி, "என்ன, கையெழுத்துப் போட்டாரா?" என்றார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று நடந்ததைச் சொன்னாள்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேடி," என்றார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது. "பேசாம விட்டிருந்தா?"

"விட்டிருந்தா அத்தனை பேரும் வெயில்ல நின்னிருப்பாங்க. என்னைத்தான் வெளிய அனுப்பியிருப்பாங்க."

"இப்ப மட்டும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து, இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. அவள் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.