பெரியகை மாஸ்டரின் சுத்தமான பெயர்

கல்யாணச் சமையலில் அவருக்குப் பெரியகை மாஸ்டர் என்று பெயர். அள்ளிப் போடுவதில் கஞ்சத்தனம் கிடையாது. வாயும் அப்படித்தான். "என் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒருத்தனாவது தும்மியிருப்பானா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார். தான் சமைத்ததைத் தான் சாப்பிடுவதில்லை என்பது அவருடைய கெத்து. உப்பு பார்க்கத் தம்பி இருந்தான். அண்டா தூக்குவது, அடுப்பு மூட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் அவன்தான். சர்க்கரை வியாதிக்காரன். அண்ணன் சொல்லைத் தட்டத் தெரியாதவன்.

அந்தக் கல்யாணத்துக்கு இறைச்சிக் குழம்பை முந்தின நாள் சாயங்காலமே இறக்கிவிட்டார்கள். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஐஸ்பெட்டிக்குள் வைக்கலாம் என்றாள் தம்பி பெண்டாட்டி. காய் நறுக்குபவள் தனக்குப் பாடம் எடுப்பதா என்று மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை இறைச்சியைப் புரட்டிய அதே கரண்டியால் குழம்பை ஒரு கிளறு கிளறி, அண்டாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்தார். காலையில் தொட்டுப் பார்த்தால் இன்னும் வெதுவெதுப்பு. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. கொதிக்கவிடாமல் லேசாகச் சூடுகாட்டிப் பந்திக்கு அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் பெண்ணின் அப்பா சமையல் கொட்டகைக்கு வந்து நின்றார். பாதி விருந்தாளிகளுக்கு வாந்தி, பேதி.

"என்னய்யா போட்ட எங்களுக்கு?"

"வெயில்ல கண்டதையும் குடிச்சிருப்பாங்க. என் குழம்பு தங்கம்."

"அப்ப நீ தின்னு காட்டு."

அண்டாவில் மிச்சம் கிடந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். "நான் சமைச்சத நான் தொடுறதில்ல. டேய், நீ சாப்பிட்டுக் காட்டுடா."

தம்பி ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டான். விரலையும் நக்கிக் காட்டினான். பெண்ணின் அப்பா முனகிக்கொண்டே போய்விட்டார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

தம்பி பெண்டாட்டி பாத்திரம் வாங்கி வரக் கல்யாண வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "மடக்குமடக்கா கொடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்க. சோடாவும் கலர் தண்ணியும் வேண்டாம். ரத்தமாப் போனாலோ, காய்ச்சல் கொதிச்சாலோ, ஒண்ணுக்கு வராம நின்னாலோ, ஆள் சுருண்டு விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். குழந்தைங்க, வயசானவங்க, மாசமா இருக்கறவங்க, சர்க்கரை இருக்கறவங்கன்னா அதுவரைக்கும்கூடக் காத்திருக்காதீங்க." தம்பி பெண்டாட்டி அவளிடம் கேட்டு இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள்.

அடுத்த நாள் தம்பிக்கும் ஆரம்பித்தது.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இவருக்குச் சர்க்கரை வேற" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"அங்க பூரா கல்யாண வீட்டு ஆளுங்க படுத்திருக்காங்க. இவனைப் பார்த்தா என் பொழப்பு நாறிடும். சும்மா இரு."

பொட்டலங்களையும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யார் கண்ணிலாவது பட்டால் சந்தேகம் வருமாம். தம்பியை மளிகைச் சாமான் அறையில் படுக்கவைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார், பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்தார். பேதி நின்றது மாதிரி இருந்தது. மறுநாள் காய்ச்சல் ஏறியது, ரத்தமாகப் போனது. கண் குழிந்து, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அவன் ஒண்ணுக்கே போகவில்லை.

"மாமா, ரத்தம் போகுது மாமா. உங்க கால்ல விழறேன்."

"நாளைக்குப் பார்க்கலாம்."

அவள் அவரைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடி வண்டி பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியின் கையைக் கிள்ளினார். தோல் கிள்ளியபடியே நின்றது. "நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா தண்ணி ஏத்திக் காப்பாத்தியிருக்கலாம். உடம்புல தண்ணியே இல்ல, கிட்னி நின்னு போச்சு" என்றார். சாயங்காலம் உயிரும் போனது.

மாஸ்டர் அழுதார். அழுகை நிஜம்தான். ஆனால் வந்தவர்களிடமெல்லாம் "சர்க்கரை ஏறி நெஞ்சு நின்னுபோச்சு" என்றார்.

பெண்ணின் அப்பாவும் துக்கம் கேட்க வந்தார். "எங்க பக்கம் எல்லாரும் பிழைச்சு எழுந்துட்டாங்க. பாவம், உங்களுக்குத்தான் இப்படி ஆகிப்போச்சு. அன்னைக்கு உங்க தம்பி சாப்பிட்டதப் பார்த்துத்தான் உங்க சமையல்ல தப்பில்லன்னு நம்பினேன்" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். பெயர் தப்பியது என்று அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

தம்பி பெண்டாட்டி எழுந்து உள்ளே போனாள். மூடிய குழம்பு அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தாள். கழுவாமலே வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது. அடியில் ஒட்டிக் கிடந்ததை வழித்துத் தட்டில் போட்டு, மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"உங்க தம்பி தின்னதுல மிச்சம் மாமா. தங்கம்னு சொன்னீங்களே. சாப்பிடுங்க."

"துக்கத்துல என்னமோ உளறுது" என்று சிரிக்கப் பார்த்தார் மாஸ்டர். யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா தட்டைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருடைய கண் பழக்கதோஷத்தில் பக்கத்தில் தம்பி உட்காரும் இடத்துக்குப் போனது. அங்கே யாரும் இல்லை.

"எனக்கு வயிறு சரியில்லம்மா" என்றார்.

அவள் அவர் இன்னும் மாற்றாத அதே சட்டையின் பையில் கைவிட்டு, பிரிக்காத இரண்டு பொட்டலங்களையும் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.