ஒன்றும் ஆகாத நாளின் ஸ்டேட்டஸ்

ஆவடியில் மின்சார ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். பெட்டியில் யாருடைய போன் அடித்தாலும் திடுக்கிட்டுத் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார்.

அன்னனூர் தாண்டியதும் அதை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக ஒரு படம், சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸ். அடியில், "இன்னிக்கு நல்லா போச்சு" என்று தட்டியிருந்தார்.

"இத்தப் போடட்டுமா பாப்பா?"

"ஏம்மா, இன்னிக்குப் பிறந்தநாளா?"

"ஒண்ணும் இல்ல. அதான் போடணும்னு கீது. கண்ணு பட்டுடுமோன்னு பயமாவும் கீது."

எழுதியதை அழித்தார். மறுபடி அதையே எழுதினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அனுப்பும் அம்புக்குறியை அழுத்திவிட்டார்.

பார்த்தவர் ஒருவர் என்று காட்டிய மறுநிமிடமே போன் அடித்தது. திரையில் 'அக்கா'. எடுத்தார்.

"இன்னாடி ஆச்சு?" அந்தக் கத்தல் எனக்கே கேட்டது.

"ஒண்ணும் ஆவலக்கா. அதான் போட்டேன்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

அம்பத்தூரில் இறங்கினேன். அவர் வீட்டில் மற்ற நாட்களில் என்னதான் ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.