ஒரு திரையும் கபிரியேலின் வேலையும்

சுபாஜினியைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மீதல்ல. அந்தப் பெட்டியை மாட்டியவன் நான்.

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நான் அங்கே எலக்ட்ரீசியன். சுபாஜினி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து ஆறு வருஷம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் கொழும்புக்குப் போகும் மெயிலும் அறிக்கையும். மற்றது தேயிலையை உலர்த்தும் டிரையரின் சூட்டைக் காட்டுவது. சூடு எல்லை மீறினால் திரை சிவக்கும், மணி அடிக்கும். அவள் உடனே கீழே அடுப்படியில் அடிக்கும் பெல்லை மாடியிலிருந்து அழுத்துவாள். அடுப்பில் விறகு போடும் கபிரியேல் விறகைக் குறைப்பார். டிரையரில் இருந்த பழைய சூடுமானி உடைந்து வருஷமாகிறது. கபிரியேலுக்கு அந்த பெல்தான் கண்.

போன மாசி மாதம் மெயில் கம்ப்யூட்டரின் மானிட்டர் செத்துப்போனது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் விஜேந்திரன் புதுசு கேட்டு எழுதவில்லை. டவுனில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி வாங்கி வந்தார். இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு கீபோர்ட், ஒரு மவுஸ், ஒரு திரை. பட்டனை அழுத்தினால் இந்தக் கம்ப்யூட்டர், மறுபடி அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டர்.

"ஐயா, ஒரு நேரத்துக்கு ஒண்ணத்தான் பாக்கலாம். மெயில் பக்கம் இருக்கப்ப சூடு ஏறுனா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சுபாஜினி கேட்டாள்.

"ரெண்டும் ஓடிக்கிட்டுத்தானம்மா இருக்கும்!"

"ஓடும். பாக்குறதுக்கு ஆள் வேணுமே. மணிச் சத்தமும் இந்த மானிட்டர் ஸ்பீக்கர்லதான வருது? பக்கம் மாத்துனா அதுவும் போயிரும். தனி ஸ்பீக்கராவது வாங்கித் தாங்க."

"பட்டன அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டா சரி" என்றார் டீமேக்கர்.

அவள் சொன்னது முழுக்க உண்மை. படம் போகிற அதே வயரில்தான் சத்தமும் போகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் வயரைச் செருகிவிட்டு வந்தேன். பெரியவரைப் பகைத்துக்கொள்வானேன் என்ற கோழைத்தனம்தான், வேறென்ன.

மூன்று வாரம் அவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்தினாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொழும்பிலிருந்து அவசரமாக ஓர் அறிக்கை கேட்டார்கள். டீமேக்கர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவள் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனபோது தட்டிவிட்டார். "இத முடிச்சிட்டு அப்புறம் பாரு." நான் வாசலில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரமும் தட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்குக் காய்ந்த விறகு. அரை மணி நேரத்தில் கருகல் வாடை மேல் மாடி வரை வந்துவிட்டது. அவள் பட்டனை அழுத்திப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. அதற்குள் டிரையரில் இருந்த கொழுந்தெல்லாம் கரி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. கபிரியேல் அடுப்படியில் தூங்கிவிட்டார் என்று டீமேக்கர் கடிதம் எழுதினார். அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் நெருப்பு முன்னால் நின்ற மனுஷன்! கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன, அப்போதும் நான் பேசவில்லை.

அந்தக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து கேட்டபோது சுபாஜினி பேனாவைத் தொடவில்லை. மறுநாள் தோட்டத்து மேனேஜர் துரை அவள் மேசைக்கே விசாரிக்க வந்தார். கபிரியேலும் நானும் கதவருகில் நின்றோம். அவள் பட்டனை அழுத்தி, சூட்டுக் கம்ப்யூட்டர் தானே பதிந்து வைத்திருந்ததைக் காட்டினாள். பத்து இருபதுக்கு முதல் எச்சரிக்கை. மறுபடி அழுத்தி, மெயிலைக் காட்டினாள். அனுப்பிய நேரம் பத்து நாற்பத்தெட்டு.

"அது வரைக்கும் இந்தத் திரை மெயில் பக்கந்தான் இருந்திச்சுங்க. நான் மாத்தப் போனேன். மேக்கர் ஐயா ரெண்டு தடவ கையத் தட்டிவிட்டாரு. பெல் அடிக்காம கபிரியேல் மாமாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"பொய்!" என்று டீமேக்கர் கத்தினார். "யார் பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

துரை தானே பட்டனை அழுத்தி இரண்டு நேரத்தையும் மறுபடி பார்த்தார். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டு, கபிரியேலை வேலைக்குப் போகச் சொன்னார். டீமேக்கரை, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னார். அவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதினார்.

எல்லாம் முடிந்தது என்று நான் திரும்பினேன். சுபாஜினி ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நீங்களும் எழுதுங்க. சத்தமும் போயிரும்னு தெரிஞ்சுதான மாட்டுனீங்க?"

கபிரியேல் இன்னும் கதவருகில்தான் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து எழுதினேன்.