எந்தக் கட்டத்து மண்?

கிராம சேவகர் பயிற்சியில் இருந்த தம்பி தேசிங்கின் பாடக் குறிப்புகளை அட்டவணையாக்கித் தர, ஐந்தாவது வரை படித்த அக்கா தனக்கொடி அடிக்கோலோடு உட்கார்ந்தாள். மேலே செம்மண், களிமண், வண்டல். பக்கத்தில் பருவம், பயிர், பாசனம். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை.

‘களிமண்: வேர்க்கடலை ஆகாது, பிடுங்கும்போது காய் மண்ணிலேயே நின்றுவிடும்’ என்று எழுதியதும் பேனா நின்றது. சம்பா நெல் அறுத்த தங்கள் உழவர்கரை ஊர் நிலம் முழுவதிலும் நாளை கடலை விதைப்பதாக இருந்தார்கள்.

“நம்ம மண்ணு எந்தக் கட்டம்டா?”

“ஈரமாக்கி உருட்டி வளைச்சிப் பாருக்கா. விரிசல் விடாம வளைஞ்சா களி. ஆமா, பரீட்சை எனக்கா, உனக்கா?”

“நீ பேப்பர்ல எழுதுவே. நான் நெலத்துல எழுதணும்.”

அவள் உடனே நிலத்துக்குப் போனாள். மேட்டுப் பக்கத்துச் செம்மண் உருட்டும்போதே உதிர்ந்தது. பள்ளத்து மண்ணோ திரியாக நீண்டு, வளையல் போல விரிசலின்றி வளைந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு கட்டமா! அவள் மறுபடியும் உருட்டிப் பார்த்தாள். அதுவேதான்.

“மேட்டுல பாத்தி கட்டிக் கடலை. பள்ளத்துல தண்ணி நிக்கும், நவரைப் பட்டத்து நெல்லு” என்றாள் வீடு திரும்பியதும்.

“மிச்ச வெதைக் கடலை?”

“வறுத்துத் தரேன். தின்னுக்கிட்டே படி.”