செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்த விண்ணப்பம்

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. பாதி எனக்கு, பாதி அக்காவுக்கு. என் பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் வெள்ளைத் திரையும். அக்கா பக்கம் ஒரு கம்ப்யூட்டர், சான்றிதழ்களை ஸ்கேன் செய்யும் பெட்டி, வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவது அவள் தொழில். வெல்டர், நர்ஸ், எலெக்ட்ரீஷியன், ஓட்டல் சமையற்காரர் என்று அவள் கையால் போனவர்கள் ஊரில் நிறைய. தெருவே அவளை டைம் அக்கா என்றுதான் கூப்பிடும். எனக்கு அவள் வெறும் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பதினொரு வருஷமாக ஒரே மின்விசிறியின் கீழ் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த உறவு போதும்.

விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், எப்போது அனுப்புவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம் என்பாள். திங்கட்கிழமை அனுப்பக் கூடாது. சனி ஞாயிறு சேர்ந்த கடிதங்கள் அங்கே மலையாகக் கிடக்கும், நம்முடையது அடியில் போய்விடும். வெள்ளி மதியத்துக்கு மேல் கூடவே கூடாது. அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்பவன் கண் வாசலில் இருக்கும். செவ்வாய் அல்லது புதன், அவர்கள் ஊரில் காலை ஒன்பது மணி. காபியோடு உட்காரும்போது நம் கடிதம் மேலே நிற்க வேண்டும். வெள்ளி சனி விடுமுறை விடும் நாடுகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே ஞாயிறுதான் வாரத்தின் முதல் நாள். ஒவ்வொரு நாட்டின் விடுமுறைப் பட்டியலும் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

“ஏதோ பொண்ணு பாக்கப் போற மாதிரி நேரம் பாக்குறியே” என்று நான் கிண்டல் செய்வேன்.

“நீ பேப்பர் சிக்காம பாத்துக்கோ, போதும்” என்பாள்.

அந்த நர்ஸ் வந்தது மார்ச் மாதத் தொடக்கத்தில். டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். கணவன் பஸ் டிரைவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வரும்போதெல்லாம் கூட்டி வருவாள், அது என் வீணான தாள்களை எல்லாம் கிறுக்கித் தீர்க்கும். அவளுடைய ஆங்கிலத் தேர்வுச் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும். ஏப்ரல் நடுவில் முடிகிறது. அதற்குள் வேலைக் கடிதம் வந்து, போகிற நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்ய மனு போயாக வேண்டும். இல்லாவிட்டால் தேர்விலிருந்து மறுபடி ஆரம்பம்.

எட்டு இடங்களில் பதில் இல்லை. ஒன்பதாவதாக ஒரு விளம்பரம் வந்தது. அவள் தங்கை போன நவம்பரில் போய்க் குடியேறிய அதே ஊர், அதே ஊரின் ஆஸ்பத்திரி.

“கிடைச்சா பாப்பாவையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன் அக்கா. நான் ட்யூட்டிக்குப் போறப்ப தங்கச்சி பாத்துக்குவா. வேற ஊர்னா அவளை இங்க விட்டுட்டுத்தான் போகணும். ஒரு வருஷமாவது ஆகும்.” சொல்லும்போதே குழந்தையைப் பிடித்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அது ஒரு சனிக்கிழமை. படிவம் முழுக்க நிரப்பியாயிற்று, சான்றிதழ்கள் ஏற்றியாயிற்று. ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அக்கா விரலை எடுத்துவிட்டாள்.

“செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டரை மணிக்கு அனுப்பறேன். அங்க அப்போ காலையில ஒம்பது. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. நீ கவலைப்படாமப் போ.”

செவ்வாய் மதியம் இரண்டு இருபத்தெட்டுக்கு அக்கா கம்ப்யூட்டரில் விளம்பரப் பக்கத்தைத் திறந்தாள். விளம்பரம் இருந்தது, பொத்தான் இல்லை. போதுமான விண்ணப்பங்கள் வந்துவிட்டதால் முடித்துக்கொண்டோம் என்று ஒரு வரி. திங்கட்கிழமையே மூடியிருக்கிறார்கள்.

அக்கா சனிக்கிழமை எடுத்த அச்சுப் பிரதியைத் தேடி எடுத்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் அது இருந்தது: நிறைய பேர் விண்ணப்பித்தால் தேதிக்கு முன்பே மூடப்படலாம். அதை அவள் சனிக்கிழமையே படித்திருந்தாள். பென்சிலால் கோடு கூடப் போட்டிருந்தாள். படித்தும், தன் செவ்வாய்க்கிழமையைத்தான் நம்பினாள்.

“சொல்லாதே. அனுப்பினோம், எடுத்துக்கலைன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன். இன்றைக்கும் அதைச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

சாயங்காலம் நர்ஸ் வந்தபோது அக்கா அந்தத் தாளை முன்னால் வைத்து, கோடு போட்ட இடத்தைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். “கடிதத்தை மேலேர்ந்து வரிசையா பாக்குற இடத்துக்குத்தான் என் கணக்கு. இந்த மாதிரி எண்ணிக்கை வெச்சு மூடுற இடத்துக்கு உடனே அனுப்பணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வெச்சிருந்தேன். தப்பு என்னோடது.”

நர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சனிக்கிழமை என் கண்ணு முன்னாடி உங்க விரல் அதுமேல இருந்துச்சு அக்கா” என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏப்ரல் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வந்தாள். அதே நாட்டில், வடக்கே நாலைந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரியின் விளம்பரத்தை அவளே கண்டுபிடித்திருந்தாள். தங்கை இல்லாத ஊர். அங்கே அப்போது வெள்ளி மதியம் ஒன்றரை மணி. அக்காவின் கணக்கில் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

“இப்பவே அனுப்புங்க” என்றாள்.

அக்கா அங்கேயே படிவத்தை நிரப்பி அனுப்பினாள்.

அடுத்த வியாழன் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அவர்கள் ஊர் நேரப்படி, வீடியோவில் நேர்காணல். கடிதம் நர்ஸின் மெயிலுக்கே போனது. போனில் எனக்குத்தான் சொன்னாள், அக்காவுக்கு இல்லை. வார்டு ஸ்டோர் ரூமிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ள மேட்ரன் அனுமதி கொடுத்திருந்தார்களாம். நான் அதை அக்காவிடம் சொல்ல மறந்துபோய், திங்கள் மதியம் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தேன். “பாவம், மூணரை மணிக்கு இன்டர்வியூ. நல்லபடியா முடியணும்.”

அக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டாள். “மூணரை மணியா? யார் சொன்னது?”

“அவதான். அஞ்சரை மணி நேர வித்தியாசம்தானே?”

“நேத்து ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளிட்டாங்கடி. மார்ச் கடைசி ஞாயிறு. இன்னைலேர்ந்து நாலரை மணி நேரம்தான். இன்டர்வியூ ரெண்டரை மணிக்கு!”

மணி ஒன்று நாற்பத்தெட்டு. அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. வார்டில் போன் லாக்கரில்தான் கிடக்கும். கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். அக்காவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரியின் மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் நின்று, விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டே போனேன்.

நர்ஸ் ஒரு நோயாளியின் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அக்கா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

“அஞ்சு மாசமா வாராவாரம் தங்கச்சிகிட்ட பேசுறேன். அஞ்சரை மணி நேரம்னு எனக்குத் தெரியாதா?” நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்க கணக்கை ஒருதடவை நம்பினது போதும், போங்க.”

அக்கா வாதாடவில்லை. அஞ்சு மாதம் என்பதில்தான் தவறு என்று விளக்கவும் இல்லை. தங்கை போனது நவம்பரில், குளிர்கால நேரத்தை மட்டுமே நர்ஸும் தங்கையும் அறிந்திருந்தார்கள். “என்னை நம்பாதே. அந்த ஊர்ல இப்ப மணி என்னன்னு போன்ல தேடிப் பாரு” என்று தன் போனை நீட்டினாள்.

நர்ஸ் ஊர்ப் பெயரை அடித்தாள். ஒன்பது நாற்பத்தொன்று என்று காட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினொன்று. கையுறையைக் கழற்றினாள். இன்னொரு நர்ஸ் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அக்கா சாவியை வாங்கிக்கொண்டு அவள் போனை எடுக்க லாக்கருக்கு ஓடினாள், நான் ஸ்டோர் ரூமில் பெட்டிகளைத் தள்ளி ஒரு நாற்காலிக்கு இடம் செய்தேன். இரண்டரை ஆகும்போது கதவை வெளியிலிருந்து மூடினோம்.

வேலை கிடைத்தது. நான்காம் நாள் கடிதம் வந்தது. சான்று காலாவதியாவதற்கு ஆறு நாள் முன்பு பதிவு மனு போனது. எல்லாம் முடிந்து, ஆகஸ்டில் பயணம். குழந்தை அப்பாவிடம் இருக்கும் என்று முடிவாயிற்று. அது முடிவான நாளில் அக்கா சாப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

கிளம்பும் முன்தினம் நர்ஸ் மாடியேறி வந்தாள். குழந்தை கூட வரவில்லை. தன் முதல் மாத ஷிப்ட் அட்டவணையை மேசைமேல் வைத்தாள்.

“பாப்பா முழிச்சிருக்கணும், நானும் ஃப்ரீயா இருக்கணும். எந்தெந்த நாள் எத்தனை மணிக்குக் கூப்பிடலாம்னு போட்டுக் குடுங்க அக்கா.”

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டம் போட்டு, ஒரு வரிசை அங்கத்து நேரம், ஒரு வரிசை இங்கத்து நேரம். குழந்தை பள்ளிக்கூடம் போகும் நேரம், வரும் நேரம், தூங்கும் நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறில் கடிகாரம் பின்னால் போகும் என்று சிவப்பு மையில் தனியாக எழுதினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுதி முடித்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு மறுபடி சரிபார்த்தாள்.

நர்ஸ் தாளைப் பார்த்தாள். “வாரத்துல மூணு நாள் ஒண்ணுமே போடலையே?”

“அது உன் நீள ஷிப்ட். காலையில ஏழரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டுக்குத்தான் வெளிய வருவே. நீ போறதுக்கு முன்னாடி அவ ஸ்கூல்ல இருப்பா. நீ வரும்போது இங்க நடுராத்திரி.”

“நடுவுல பிரேக் இருக்குமே?”

“அது எத்தனை மணிக்குன்னு உன் வார்டு சொல்லுமா?” என்றாள் அக்கா. “நான் ஒரு நேரத்தை எழுதிட்டா, பாப்பா அந்த நேரத்துக்குப் போன் முன்னாடி உக்காந்திருப்பா.”

நர்ஸ் அந்தத் தாளை இரண்டாக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.