புள்ளிக்குப் பின்னால் நாலு நூல்

அறந்தாங்கியில் எங்கள் கண்ணாடிக் கடை. ஜன்னல் அளவுகளைக் கம்ப்யூட்டரில் அடித்து, மெஷினில் வெட்டும் ஆலைக்கு என் கணவர் காலையிலேயே அனுப்பிவிட்டார். மதியம்தான் நான் பார்த்தேன். இருபத்திரண்டரை இஞ்ச் 22.4 என்றும், நாற்பதேமுக்கால் 40.6 என்றும் இருந்தன. உடனே அவரைக் கூப்பிட்டேன். குறைத்து வெட்டிய கண்ணாடியை இழுத்து நீட்டவா முடியும்?

"அரைன்னா .5, முக்கால்னா .75 போடணுங்க!"

"இஞ்ச்சுக்கு எட்டு நூலு. அரைக்கு நாலு, முக்காலுக்கு ஆறு. சரியாத்தான போட்டிருக்கேன்?"

புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூல் கணக்கல்ல, பத்தில் ஒரு பங்கு என்று விளக்க நேரமில்லை. ஆலைக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள்.

"இப்பத்தான் மெஷின்ல ஏத்துறோம்."

"நிறுத்துங்க! அவரு நூல் கணக்குல போட்டுட்டாரு, புள்ளிக்கு அப்புறம் இஞ்ச்சுக்குப் பத்துப் பங்குல்ல!" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து என் கணவர் குரல் எகிறியது.

"இஞ்ச்சுக்குப் பத்து நூலுன்னு எவன் மாத்துனான்?"