காதுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு

விடிந்தால் வங்கியில் நேர்காணல். நாரின் நகரத்துக் கடைத்தெருவில் முடி வெட்டுகிறவர் மாமனார் சாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எல்தியாருக்கு வேறு வழியில்லை. சமையலறை விளக்குக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, அண்ணனுக்கு முன்னால் தலையைக் கொடுத்து உட்கார்ந்தான்.

அண்ணன் துராட் அந்தத் தொழிலைப் படித்தது ஜெயிலில். செம்புக் கம்பி திருடிய வழக்கில் மூன்று வருடம். கைதிகளுக்கு ஒரே வெட்டுதான், மொட்டை. ஆனால் அங்கிருந்த அதிகாரிகளுக்கும் அவன்தான் வெட்டினான். அவர்களுக்குப் பக்கவாட்டு முடி அடியிலிருந்து மேலே போகப் போக, கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில் படி தெரிந்தால் திட்டு விழும்.

பழைய துணியைத் தம்பியின் கழுத்தில் கட்டினான். முடி வெட்டும் மெஷினின் பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முடி ஒரே அளவில் நிற்க அதன்மேல் மூன்றாம் நம்பர் சீப்பை மாட்டினான். சீப்பின் கொக்கி தேய்ந்திருந்ததால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். முடி வளர்ந்த போக்குக்கு எதிராகக் கழுத்திலிருந்து மேலே ஏற்றி, மண்டை வளையும் இடம் வந்ததும் கையை வெளிப்பக்கமாக விலக்கினான்.

"உச்சியில உனக்கு ரெட்டைச் சுழிடா. அங்க ரொம்பக் குறைச்சா குத்திட்டு நிக்கும். கொஞ்சம் விட்டுவைக்கிறேன்."

"எப்படியோ செய்ண்ணே. சீக்கிரம்."

வலது காதை மடக்கிப் பிடித்தபோது எல்தியார் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, நாளைக்கு அங்க யாராவது உன்னைப் பத்திக் கேட்டா..."

"என்ன கேப்பாங்க?"

"போன தடவை கூப்பிட்டப்பவே மேனேஜர் கேட்டாரு, கூடப் பொறந்தவங்க உண்டான்னு. அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, இறந்துட்டாருன்னு சொல்லிட்டேன். ஊர்ல நீ யாருகிட்டயும் உளறிடாத."

துராட்டின் கட்டைவிரல் தளர்ந்தது. சீப்பு கழன்று மடியில் விழ, வெறும் பிளேடு காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வரை இழுத்துவிட்டது.

எல்தியார் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தான். கறுப்பு முடிக்கு நடுவே வெள்ளைக் கோடு.

"வேணும்னே பண்ணிட்டல்ல!"

"செத்துப்போனவன் வெட்டினா இப்படித்தான்டா இருக்கும்."

"விளையாடுறியா? இதோட எப்படிப் போய் அவங்க முன்னால உட்காருவேன்?"

துராட் மெஷினை அணைத்தான். அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தான் வேண்டுமென்றே செய்தோமா என்று அவனுக்கே நிச்சயமில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மா சாய்ரா எட்டிப் பார்த்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தரையைப் பார்த்தபடி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அசையாம உட்காரு," என்றான் துராட்.

போன முடி ஒட்டாது. அந்தக் கோட்டின் உயரத்துக்கு மற்ற எல்லாவற்றையும் இறக்குவதுதான் வழி. இடது பக்கத்தையும் பின்மண்டையையும் சுற்றி அதே உயரம் வரை வெறும் பிளேடால் வழித்தான். அதற்கு மேலே ஒன்றாம் நம்பர் சீப்பு, அதற்கும் மேலே இரண்டாம் நம்பர். ஒவ்வொரு நம்பரும் முடியும் இடத்தில் கறுப்பாக ஒரு வரி நின்றது. பிளேடின் பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலை மெல்லத் திறந்து திறந்து மூடி, மூலையால் மட்டும் சுரண்டி அதைக் கரைத்தான். பிளேடு சூடேறியதும் நிறுத்தி, முடியைத் தட்டி, ஆறவிட்டான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படி எங்கே இருக்கிறதென்று தெரியும். மேல்பகுதியில் தண்ணீர் தெளித்து, சீப்பால் தூக்கி, சீப்புக்கு வெளியே நீட்டிய நுனியை மட்டும் கத்தரித்தான். கடைசியில் மெஷினைத் தலைகீழாகப் பிடித்துப் பிடரியில் ஓரம் கட்டினான்.

கோடு போன இடம் தெரியவில்லை. எல்தியார் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, துணியை அவிழ்த்துப் போட்டுப் போனான். தரையில் கிடந்த முடியைத் துராட் கூட்டினான்.

மறுநாள் மதியம் சிரித்துக்கொண்டே வந்தான் தம்பி. "மேனேஜர் என் தலையைப் பார்த்து, யாருப்பா வெட்டினது, என் பையனை அனுப்பணும்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"தலைநகரத்துல, பிஷ்கெக்ல ஒரு கடைன்னு சொன்னேன்."

"நல்ல கடைதான்," என்றான் துராட்.

வேலை கிடைத்தது. வங்கிக்காரர்களை விருந்துக்கு அழைத்தார்கள். விருந்துக்கு முந்தின நாள் சாய்ரா பெரியவனிடம் வந்து நின்றாள்.

"ஒரு நாள் மட்டும் மாமா வீட்டுக்குப் போயிருப்பா. அவன் பொழைப்பு கெடக்கூடாது."

"நீயும் என்னைப் பொதைச்சுட்டியாம்மா?"



வீட்டில் ஆடறுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். விருந்தன்று இருட்டு விலகும் முன்பே ஆட்டை அறுத்து, தோலுரித்து, அதன் தலையை வழக்கப்படி மேனேஜருக்கு மரியாதையாக வைக்கும்படி தனியே எடுத்து வைத்தான். குளிர்ந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, விருந்தாளிகளின் வண்டி வருமுன் சாலைக்கு இறங்கி மாமா வீட்டுப் பக்கம் நடந்தான்.